தீபாவளிக்கு முன் ஐந்தரை நாள்: புந்தோங் கடைக்கு வேலை கேட்டு எழுதும் செய்தி

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் கச்சாங் பூத்தே போடும் குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் ஆண்டிலேயே நெருக்கடியான காலம். முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்பவர்கள் பெரும்பாலும் வீட்டு ஆட்களாகவே இருப்பார்கள். அந்தக் கைப்பக்குவத்தை இரண்டு நாளில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. ஆள் போதாமல் தவிப்பது அதற்கு அடுத்த வேலைகளில்தான். ஆறிய பலகாரத்தை நிறுத்துப் பாக்கெட் போட வேண்டும், வாயை ஒட்ட வேண்டும், லேபிள் ஒட்டி ஆர்டர்வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். இதற்குத்தான் கடைக்காரர் வெளியாளைத் தேடுகிறார்.

இந்த ஆண்டு, 2026இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதையொட்டிச் செமஸ்டர் தேர்வு முடியும் மாணவருக்குக் கையில் சில நாட்கள் இருக்கும், செலவுக்குப் பணமும் தேவைப்படும். இருவரையும் சேர்த்து வைப்பது ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி. அதில் கடைக்காரர் தேடுவது நம் திறமையையோ ஆர்வத்தையோ அல்ல, தேதியை. “வியாழக்கிழமை நாற்பது ஆர்டர் போகணும், யார் இருக்கிறார்?” என்பதுதான் அவர் மனத்தில் ஓடும் கேள்வி. அதற்குப் பதிலாக அமையும் செய்தியை எப்படித் தயாரிப்பது என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். வயது 20. ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறார், கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறார். வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்தில். அவருக்கு மூன்று தாள்கள்: அக்டோபர் 26 திங்கள், அக்டோபர் 29 வியாழன், நவம்பர் 3 செவ்வாய்.

1. முதலில் நாட்காட்டியில் அடிக்க வேண்டியதை அடித்துவிடுங்கள்

கைப்பேசியை எடுப்பதற்கு முன் காகிதத்தில் அக்டோபர் 26 முதல் நவம்பர் 10 வரை தேதிகளை வரிசையாக எழுதுங்கள். காலியான நாளைத் தேடிக் குறிப்பதைவிட, காலியில்லாத நாளை அடித்துக்கொண்டே வந்து மிஞ்சுவதைப் பார்ப்பது நல்லது. தேடிக் குறிக்கும்போது ஆசை கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்று தேர்வு நாளையும் அடியுங்கள். காலையில் தாள் எழுதிவிட்டு மதியம் கடைக்குப் போகலாம் என்று தோன்றும். ஆனால் தாள் முடிந்து வெளியே வந்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மூன்று மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் வருகிற ஆளை வைத்துக் கடைக்காரரால் எந்த வேலையையும் திட்டமிட முடியாது.

அடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் படிக்க வேண்டிய நாட்களை அடியுங்கள். 26க்கும் 29க்கும் நடுவில் இருப்பது இரண்டே நாள், இரண்டும் படிப்புக்கே போய்விடும். 29க்கும் நவம்பர் 3க்கும் நடுவில் நான்கு நாள் இருக்கிறது. கடைசித் தாளுக்கு நவம்பர் 1 ஞாயிறு, 2 திங்கள் இரண்டையும் ஒதுக்கினால் அக்டோபர் 30 வெள்ளியும் 31 சனியும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்துவிட்டு இரவில் படித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்க நின்று பாக்கெட் போட்டவருக்கு இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தில் கண் நிற்காது.

தேர்வு முடிந்தபின் நவம்பர் 4, 5, 6 மூன்றும் முழு நாள். இதில் 6 வெள்ளிக்கிழமை பேராக் சுல்தானின் பிறந்த நாள், மாநிலப் பொது விடுமுறை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பாக வருவதால் அன்று கடையில் கூட்டம் கூடும், ஆளும் அதிகம் தேவைப்படும்.

7ஆம் தேதி சனிக்கிழமைதான் சிக்கல். கடைக்கும் அன்றுதான் கடைசி நாள், நம் வீட்டுக்கும் அன்றுதான் வேலை. அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பார், வீடு கழுவ வேண்டும், மாலையில் படையல் இருக்கும். கடைக்காரர் எதிர்பார்ப்பாரே என்று முழு நாளையும் கொடுத்துவிட்டு, அன்று காலை “அம்மா விட மாட்டேங்கிறாங்க” என்று செய்தி அனுப்பினால் முந்தைய நாட்களில் உழைத்த பெயரெல்லாம் போய்விடும். வீட்டில் முன்கூட்டியே கேட்டு, மதியம் ஒரு மணி வரை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 8 தீபாவளி. அது ஞாயிற்றுக்கிழமை வருவதால் 9 திங்கள் பதில் விடுமுறை. 10ஆம் தேதி முதல் பலகாரக் கடையில் வேலை இருக்காது, அந்த நாட்களை எழுதத் தேவையில்லை.

ஆகக் கையில் நிற்பது ஐந்து முழு நாளும் ஓர் அரை நாளும்.

2. எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள்

தேதியை மட்டும் கொடுத்து நேரத்தைக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் தன் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவார். அவர் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவர். ஏழு மணிக்கு வருவீர்கள் என்று அவர் நினைத்திருக்க, நீங்கள் ஒன்பதுக்குப் போய் நிற்பீர்கள்.

நம் மாணவிக்கு இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அக்டோபர் 30, 31 இரண்டு நாளும் அவர் விடுதியில் இருப்பார், புந்தோங் பக்கம்தான். கடைசித் தாள் முடிந்ததும் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நவம்பர் 4 முதல் அவர் வர வேண்டியது சுங்கை சிப்புட்டிலிருந்து, கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். பழைய தோட்டத்து உள்சாலையில் பஸ் வராது. யாராவது மோட்டாரில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட வேண்டும், அங்கே பஸ் ஏறி ஈப்போ மேடான் கிட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து புந்தோங்குக்கு வர வேண்டும். முதல் இரண்டு நாளுக்கு எட்டு மணி, பிறகு ஒன்பது மணி என்று இரண்டு நேரம் எழுதினால் படிப்பவர் குழம்புவார். எல்லா நாளுக்கும் பொருந்துகிற பிந்திய நேரத்தையே எழுதுங்கள்: காலை 9. முன்னதாக வர முடிந்த நாளில் வந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

திரும்பும் நேரத்தைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கடைசி பஸ்ஸையே நம்பாமல் அதற்கு முந்தைய பஸ்ஸைக் கணக்கில் வைத்து, மாலை 6 என்று வைத்துக்கொள்வோம்.

லிட்டில் இந்தியாவில் லஹாட் சாலைப் பக்கம் இருக்கும் துணிக்கடைக்கு எழுதுவதாக இருந்தால் இந்தப் பகுதிதான் மாறும். தீபாவளி நெருங்கும்போது அங்கே வியாபாரம் சூடு பிடிப்பது பொழுது சாய்ந்த பிறகு. மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிற ஆள் அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்பட மாட்டார். ஈப்போவில் இரவு தங்க உறவினர் வீடு இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லலாம். இல்லையென்றால், பகலில் ஆள் வேண்டிய பலகாரக் கடையே பொருத்தம்.

3. ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்

மலேசியாவில் உணவைக் கையாளும் வேலைக்கு 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் பொருந்தும். டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், சுகாதார அமைச்சு அங்கீகரித்த உணவு கையாளுவோர் பயிற்சியையும் எடுத்திருக்க வேண்டும். சில நாள் வேலைக்கு வருகிறவர்தானே என்று கடைக்காரர் கேட்காமல் விடலாம். ஆனால் சோதனைக்கு அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் ஊசி போட்டிருக்கிற ஆள் என்று தெரிந்தாலே அவருக்குப் பாதிச் சுமை குறைந்துவிடும்.

ஊசி வேலை செய்யத் தொடங்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும், பிறகு மூன்று ஆண்டு தாங்கும். அக்டோபர் 30இல் வேலை தொடங்குவதாக இருந்தால் அந்த மாத நடுவிலேயே போட்டிருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இருப்பதாக எழுதாதீர்கள். உணவில் நேரடியாகக் கை படாத வேலைகள், அதாவது லேபிள் ஒட்டுவது, பெட்டி கட்டுவது, ஆர்டர் எழுதுவது, கல்லாப் பக்கம் நிற்பது எல்லாம் கடையில் உண்டு. அவற்றைச் செய்வேன் என்று சொல்லலாம்.

4. நீங்கள் யார் என்பதற்கு இரண்டே வரி

ரப்பர் தோட்டக் காலத்தில் இந்த அறிமுகமே தேவைப்பட்டதில்லை. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணிக்கு லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் தெரியும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு மரத்துக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்குவார்கள். யாரும் யாரிடமும் விண்ணப்பித்துக் கேட்டதில்லை. தோட்டங்கள் கைமாறிச் செம்பனைக்கு மாறியபின் அந்தக் குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குச் சிதறிவிட்டன. இன்று புந்தோங் கடைக்காரருக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது.

அதனால் பெயர், வயது, எங்கே படிக்கிறோம், வீடு எந்த ஊர், அவருடைய எண் எப்படிக் கிடைத்தது என்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். கடைசியானதைப் பலரும் விட்டுவிடுவார்கள். தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் இப்போது யாருக்கும் சந்தேகம்தான் முதலில் வரும். “உங்கள் முறுக்குப் பாக்கெட்டில் நம்பர் பார்த்தேன்” என்றால் அந்தச் சந்தேகம் போய்விடும். பாக்கெட் லேபிளில் பெரும்பாலும் எண் இருக்கும், எண் தேட வேண்டிய இடமும் அதுதான். தெரிந்தவர் மூலம் கிடைத்தது என்றால் அவருடைய பெயரைச் சொல்லலாம், ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு.

ஐசி நகல், வங்கிக் கணக்கு எண், சான்றிதழ் கோப்பு எதையும் முதல் செய்தியோடு அனுப்ப வேண்டாம். முதல் பேச்சுக்கு அவை தேவையில்லை. கோப்பைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமும் இருக்காது.

5. இனி எழுதலாம்

பெரும்பாலான மாணவர்கள் அனுப்புவது இப்படி இருக்கும்:

> வணக்கம். நான் கல்லூரி மாணவி. சோதனை லீவில் பார்ட் டைம் வேலை தேடுகிறேன். எந்த வேலையாக இருந்தாலும் செய்வேன். எப்போது வேண்டுமானாலும் வர முடியும். வேலை இருக்குமா?

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் கடைக்காரர் திருப்பி நான்கு கேள்வி கேட்க வேண்டும்: லீவு எப்போது, எந்த ஊர், எத்தனை மணிக்கு வருவாய், என்ன செய்வாய். மாவுக் கையோடு நிற்கிறவர் நான்கு கேள்வி தட்டச்சு செய்ய மாட்டார். பிறகு பார்ப்போம் என்று வைத்துவிடுவார், பிறகு பார்க்கவும் மாட்டார். “எப்போது வேண்டுமானாலும்” என்ற வரி இன்னும் மோசம். தேர்வு எழுதுகிற ஆளுக்கு எல்லா நாளும் காலியாக இருக்காது என்பது அவருக்கே தெரியும். சொன்ன நாளில் வராமல் போகிற ஆள் என்ற எண்ணமே அவருக்கு வரும்.

நாம் சேர்த்துவைத்ததை வைத்து எழுதினால் இப்படி வரும்:

> வணக்கம் அண்ணே. நான் (பெயர்), வயது 20, ஈப்போவில் டிப்ளோமா படிக்கிறேன், வீடு சுங்கை சிப்புட். உங்கள் முறுக்குப் பாக்கெட்டில் நம்பர் பார்த்தேன்.
>
> தீபாவளிக்குப் பாக்கெட் போட ஆள் வேண்டுமென்றால் இந்த நாட்களில் வர முடியும்:
>
> 30 அக் வெள்ளி
> 31 அக் சனி
> 4 நவ புதன்
> 5 நவ வியாழன்
> 6 நவ வெள்ளி
> (காலை 9 முதல் மாலை 6 வரை)
> 7 நவ சனி – மதியம் 1 வரை மட்டும்
>
> நடுவில் மற்ற நாள் சோதனை, வர முடியாது. டைபாய்டு ஊசி போட்டிருக்கிறேன். லேபிள் ஒட்டுவது, ஆர்டர் எழுதுவது, கல்லாவில் நிற்பது செய்வேன்.
>
> இதில் எந்த நாள் தேவை என்று சொல்லுங்க அண்ணே, அதற்கு ஏற்ப வருகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கிழமையோடு இருக்கின்றன. கடைக்காரர்கள் கிழமையை வைத்துத்தான் யோசிப்பார்கள். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்பதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். அது தவறினால் மொத்தப் பட்டியலும் பயன்படாது. இரண்டாவது, வர முடியாத நாளும் சொல்லப்பட்டிருக்கிறது. 1, 2, 3 தேதிகளில் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, கடைசி வரி “வேலை இருக்குமா” என்று கேட்கவில்லை, “எந்த நாள்” என்று கேட்கிறது. அதற்கு “4, 5, 6” என்று மூன்று எண்ணைத் தட்டினாலே பதில் ஆகிவிடும்.

கடையை நடத்துவது பெண் என்றால் அக்கா அல்லது அம்மா. வயது தெரியாவிட்டால் ஐயா, அம்மா என்றே தொடங்குங்கள். லேபிள் முழுக்க மலாயில் இருந்தால் கடைக்காரருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராமல் இருக்கலாம். அப்போது இதே செய்தியை இதே வரிசையில் மலாயில் எழுதிவிடலாம்.

6. எப்போது அனுப்புவது

தேர்வு அட்டவணை இறுதியாக வந்த பிறகே அனுப்ப வேண்டும். தற்காலிக அட்டவணையை நம்பி நாள் கொடுத்தால் பிறகு மாற்ற வேண்டிவரும். அதே சமயம் ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு கடைக்காரர்கள் ஆள் பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்த ஆண்டுக் கணக்குப்படி அக்டோபர் இரண்டாம் வாரம் சரியாக இருக்கும்.

வார நாளில், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை, மூன்று மணிக்கு அனுப்புங்கள். காலைச் சட்டி இறங்கியிருக்கும், மாலைக் கூட்டம் தொடங்கியிருக்காது. இரண்டு நாள் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் கடைக்கு நேரில் போய், அதே தேதிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பை எட்டிக்கூடப் பார்க்காத கடைக்காரர் சுவரில் காகிதத்தை ஒட்டிவைப்பார்.

ஐந்து கடைக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு கடை ஒரே நாளைக் கேட்டு வைக்கும். ஒரு கடைக்கு அனுப்பி, இரண்டு நாள் பார்த்து, பிறகு அடுத்த கடைக்குப் போவது நல்லது.

7. பதில் வந்தபின்

கடைக்காரர் “4, 5, 6 வாம்மா, 7 மதியம் வரைக்கும் சரி. 30, 31 ஆள் இருக்கு” என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு “சரி” என்று மட்டும் அனுப்பாமல் தேதிகளைத் திருப்பி எழுதுங்கள்: “சரி அண்ணே. 4 புதன், 5 வியாழன், 6 வெள்ளி முழு நாள், 7 சனி 1 மணி வரை வருகிறேன்.” தவறாகப் புரிந்திருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அவர் வேண்டாம் என்ற 30, 31ஐ வேறு கடைக்குக் கொடுக்கவும் இப்போது தடையில்லை.

சம்பளத்தை முதல் செய்தியில் எழுதாவிட்டாலும் முதல் நாளுக்கு முன் கேட்டுவிட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் இது பொருந்தும். மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். காலை 9 முதல் மாலை 6 வரை, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக எட்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 69.76 ரிங்கிட். மூன்று முழு நாளும் சனிக்கிழமை நான்கு மணி நேரமும் சேர்த்தால் 244.16 ரிங்கிட் வரும். பஸ் செலவைக் கழித்துப் பார்த்து, போவது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யலாம். 6ஆம் தேதி பொது விடுமுறை என்பதால் அன்றைய கூலிக்கு வேறு கணக்கு வரலாம். “அண்ணே, நாள் சம்பளம் எவ்வளவு, வெள்ளிக்கிழமை லீவு நாளுக்கு எப்படி, அன்றன்று கொடுப்பீங்களா, கடைசியிலா?” என்று ஒரே செய்தியில் கேட்பது தவறில்லை. பதில் எழுத்தில் இருந்தால் பிறகு வாக்குவாதம் வராது.

8. தேதி மாறிப்போனால்

கல்லூரி கடைசித் தாளை 3இலிருந்து 5க்குத் தள்ளிவிட்டது என்றால், தெரிந்த அன்றே எழுதிவிட வேண்டும். காரணத்தை நீட்ட வேண்டாம். எது போனது, எது மிச்சம் என்பதே போதும்: “அண்ணே, சோதனை 5ஆம் தேதிக்கு மாறிவிட்டது. 4, 5 வர முடியாது. 6, 7 சொன்னபடி வருகிறேன்.” “என்னோடு படிக்கும் தோழிக்கு அந்த இரண்டு நாள் காலி” என்று சொல்ல முடிந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு அதையும் சேர்த்து எழுதலாம். ஒரு வாரம் முன்பு தெரிந்தால் கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். முதல் நாள் இரவு தெரிந்தால் அவர் மனைவிதான் தூக்கம் கெட்டுப் பாக்கெட் போடுவார்.

ஒன்றும் மாறாவிட்டாலும் 3ஆம் தேதி மாலை, கடைசித் தாள் முடிந்ததும், “நாளை காலை 9க்கு வருகிறேன் அண்ணே” என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு முன் பேசியதை அவர் மறந்திருக்கலாம். நீங்கள் மறக்கவில்லை என்று தெரிந்தால் உங்களை நம்பி மறுநாளுக்கான ஆர்டரை வாங்கி வைப்பார்.